தீபாவளி வந்தால் தங்கம் விலை ஏறுமா?

கடந்த ஆண்டு செப்டம்பர் மாதம், நான்காம் படிவ மாணவி ஒருத்தி பாடம் முடிந்த பிறகு என் மேசைக்கு வந்தாள். அவளுடைய அக்காளுக்குத் தை மாதம் திருமணம். தாலிக்கொடி, வளையல், ஒரு சங்கிலி என ஐந்து பவுன் எடுக்க வேண்டும். அதை எப்போது எடுப்பது என்பதில் வீட்டில் தினமும் வாக்குவாதமாம். "தீபாவளி நெருங்கினால் விலை ஏறிவிடும், இப்போதே எடுத்துவிடுவோம்" என்கிறார் பாட்டி. "தீபாவளி முடிந்தால் இறங்கும், பொறுத்திருப்போம்" என்கிறார் அப்பா. "டீச்சர், யார் சொல்வது சரி?" என்று கேட்டாள்.

பாட்டியும் அப்பாவும் உண்மையில் ஒரே கருத்தைத்தான் சொல்கிறார்கள். பண்டிகைக்கு முன்னால் எல்லாரும் வாங்குவதால் விலை ஏறும், பண்டிகை முடிந்து கூட்டம் கலைந்ததும் இறங்கும் என்பதே அந்தக் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதற்கு ஆதாரமும் இருப்பது போலத் தோன்றும். 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய நாள் தங்கம் அவுன்ஸ் ஒன்றுக்குச் சுமார் 2,780 அமெரிக்க டாலர் என்ற புதிய உச்சத்தில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அது 2,560 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. 2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. அன்றுதான் தங்கம் 4,380 டாலரைத் தொட்டது. மறுநாளே 5 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அப்பாவின் கணிப்பு அச்சுப் பிசகாமல் நடந்திருக்கிறது.

அறிவியல் வகுப்பில் நாம் சொல்வது நினைவிருக்கிறதா? இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தால், முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. நாணயத்தை இரண்டு முறை சுண்டி இரண்டு முறையும் தலை விழுந்தால், அந்த நாணயத்தில் ஏதோ கோளாறு என்று சொல்வோமா? இன்னும் சில ஆண்டுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

2022இல் தீபாவளி அக்டோபர் 24. மாதத் தொடக்கத்தில் 1,700 டாலருக்கு மேல் இருந்த தங்கம், தீபாவளியன்று 1,650 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. தீபாவளி முடிந்த பிறகு, நவம்பர் இறுதியில், 1,750 டாலராக ஏறியது. அப்பா சொன்னதற்கு அப்படியே நேர்மாறு. 2016இலோ செப்டம்பர் இறுதியில் 1,320 டாலராக இருந்தது, அக்டோபர் இறுதியில் தீபாவளி வந்தபோது 1,275 அளவுக்கு இறங்கி, நவம்பர் இறுதியில் 1,180க்கும் கீழே போனது. முன்னாலும் இறக்கம், பின்னாலும் இறக்கம்!

ஆக, நகைக்கடையில் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருகிறது. விலையோ தன் விருப்பம் போல நடக்கிறது. இது ஏன் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கூட்டம் ஏன் வருகிறது?

உலகில் நகைத் தங்கம் அதிகம் வாங்கும் நாடுகள் சீனாவும் இந்தியாவும். இந்தியா மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 700, 800 டன் வாங்குகிறது. அங்கே விற்கும் நகையில் ஏறத்தாழப் பாதி திருமணங்களுக்காக வாங்கப்படுவது. எனவே திருமணம் எந்த மாதத்தில் நடக்கிறதோ அந்த மாதத்தைத் தங்கமும் தொடர்ந்து வரும்.

நம் பஞ்சாங்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தை பிறந்ததும் மண்டபம் கிடைக்காது. வட இந்தியாவில் மழைக்காலத்தின் நான்கு மாதங்கள் திருமணங்களை நிறுத்தி வைத்து, தீபாவளி முடிந்த பிறகு மீண்டும் தொடங்குவார்கள். இப்படிச் சில மாதங்களை அடைத்துவிட்டால், மற்ற மாதங்களில் எல்லாம் சேர்ந்து நெருக்கும் அல்லவா? ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் நகைக்கடைகளில் இடம் இல்லாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். இதன்மேல் அட்சய திருதியை, வடநாட்டில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தன்தேரஸ் போன்ற நாள்களும் வந்து சேர்கின்றன.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. அது பணம் கைக்கு வரும் நேரம். பருவமழையில் விதைத்த பயிர் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அறுவடையாகும். இந்திய விவசாயி வீட்டில் கையில் காசு புரளும் மாதங்கள் அவை. அங்கே கிராமத்தில் வங்கிக் கணக்கைவிட வளையலையே சேமிப்பாக நினைத்த தலைமுறைகள் உண்டு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் நகை அவளுடைய சொந்தச் சொத்து என்பதும் அந்தப் பழக்கத்தின் பகுதி. நம் ஊரில் அறுவடை இல்லை. ஆனால் தீபாவளி முன்பணமும் ஆண்டிறுதி போனஸும் சீட்டுப் பணமும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன.

எனவே பாட்டி சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. தேவை கூடத்தான் செய்கிறது. பொருளாதாரப் பாடத்தில் படித்தவர்கள் அடுத்த வரியை எழுதிவிடுவார்கள்: தேவை கூடினால் விலை கூடும். தக்காளிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அது பொருந்துகிறதே, தங்கத்துக்கு மட்டும் என்ன?

அழுகாத பொருள்

தக்காளி ஒரு வாரம் தாங்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லாரும் தக்காளி கேட்டால், அந்த வாரம் பறித்ததை மட்டுமே பங்கு போட முடியும். போன ஆண்டுத் தக்காளியை யாரும் எடுத்துக்கொண்டு வர முடியாது.

தங்கம் ஆக்சிஜனோடு வினைபுரிவதில்லை. துரு பிடிக்காது, கறுக்காது, கரையாது. அதனால்தான் மனிதர் இதுவரை தோண்டியெடுத்த தங்கத்தில் மிகப் பெரும்பகுதி இன்றும் எங்கோ ஓரிடத்தில் தங்கமாகவே இருக்கிறது. உலகத் தங்க மன்றத்தின் மதிப்பீட்டின்படி அது 2 லட்சம் டன்னுக்கும் அதிகம், ஏறத்தாழ 2 லட்சத்து 16 ஆயிரம் டன். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். நிறையை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். உலகத் தங்கம் முழுவதையும் உருக்கி ஒரே கனசதுரமாக வார்த்தால், ஒவ்வொரு பக்கமும் 22 மீட்டர்தான் வரும். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம். வகுப்பில் இதைச் செய்ய வைத்தபோது யாருமே முதல் விடையை நம்பவில்லை, எல்லாரும் இரண்டாம் முறை வகுத்தார்கள்.

சுரங்கங்கள் ஆண்டுக்கு 3,600 டன் போலப் புதிதாகத் தருகின்றன. இருக்கும் கையிருப்பில் இது 2 விழுக்காடு கூட இல்லை. இப்போது பண்டிகைக் காலத்தில் இந்தியா வழக்கத்தைவிட 100 டன் கூடுதலாக வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மலை போலத் தெரியும் 100 டன், கையிருப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பெரிய ஏரியில் நான்கு வாளித் தண்ணீர் மொண்டால் நீர்மட்டம் இறங்குமா?

இந்த ஒப்பீட்டில் ஒரு குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏரித் தண்ணீர் முழுவதும் விற்பனைக்கு இல்லை. உங்கள் அம்மாவின் தாலி அந்த 2 லட்சம் டன்னில் சேர்ந்ததுதான், ஆனால் அதை அவர் விற்க மாட்டார். இருந்தாலும் விலை ஏறினால் விற்பதற்குத் தயாராக இருப்பவர்கள் எப்போதும் கணிசமாக உண்டு. பழைய வளையலைக் கொடுத்துப் புதிய சங்கிலி எடுப்பவர்களும் அதில் சேர்த்தி. ஒருவர் வாங்க வரும்போது இன்னொருவர் விற்க வருகிறார், தக்காளிச் சந்தையில் இது நடக்காது.

எல்லாருக்கும் தெரிந்த நாள்

தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்பது பாட்டிக்கு மட்டும் தெரிந்த இரகசியம் இல்லை. இலண்டனில் தங்கம் விற்கும் வணிகருக்கும் தெரியும். மும்பை மொத்த வியாபாரி தீபாவளிக்கு முந்தைய நாள் தங்கம் வாங்கி, இரவோடு இரவாக நகை செய்து, மறுநாள் விற்பதில்லை. அவர் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தங்கத்தை இறக்குமதி செய்து, பட்டறைக்கு அனுப்பி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். நீங்கள் கடைக்குள் நுழையும்போது அந்தக் கூட்டத்துக்கான தங்கம் எப்போதோ வாங்கி முடிந்துவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். அக்டோபரில் விலை ஏறும் என்பது எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தால், செப்டம்பரில் வாங்கி அக்டோபரில் விற்று இலாபம் பார்க்கலாமே? எல்லாரும் அப்படி வாங்கினால் ஏற்றம் செப்டம்பருக்கு நகர்ந்துவிடும். அதையும் கண்டுகொண்டவர்கள் ஆகஸ்டில் வாங்குவார்கள். இப்படி முன்னுக்கு முன்னால் இழுத்து இழுத்து ஏற்றம் கரைந்துபோகும். தெரிந்த செய்திக்கு விலை காத்திருப்பதில்லை.

முற்றாகக் கரைந்துவிட்டதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. டிர்க் பௌர் என்ற ஆய்வாளர் ஏறத்தாழ முப்பது ஆண்டு விலைகளை மாதம் மாதமாகப் பிரித்து ஆராய்ந்து, 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செப்டம்பரிலும் நவம்பரிலும் மட்டும் சராசரியாக விலை ஏறும் போக்கு தெளிவாகத் தெரிந்தது என்பது அவர் முடிவு. இந்தியத் திருமணக் காலத்துக்கான முன்கூட்டிய கொள்முதல் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். முப்பது ஆண்டுகளின் சராசரியில் தெரியும் மெல்லிய போக்கு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது. ஒரே மாதத்தில் 3, 4 விழுக்காடு ஏறி இறங்குவது தங்கத்துக்குச் சர்வ சாதாரணம். பேரிரைச்சலான உணவகத்தில் யாரோ முணுமுணுக்கும் பாட்டைப் போல அந்தப் போக்கு இரைச்சலுக்குள் அமுங்கிவிடும்.

கடைகளை மூடிப் பார்த்த ஆண்டு

அறிவியலில் ஒரு காரணியின் பங்கை அறிய, அந்தக் காரணியை மட்டும் நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்போம். செடிக்கு வெளிச்சம் தேவையா என்று அறிய ஒரு தொட்டியை இருட்டில் வைக்கிறோம். இந்தியர்களைத் தங்கம் வாங்காமல் நிறுத்தி வைத்து யாராவது சோதனை செய்ய முடியுமா? 2020இல் ஒரு கிருமி அதைச் செய்தது.

அந்த ஆண்டு மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு. அட்சய திருதியை ஏப்ரல் 26ஆம் தேதி வந்தது, நகைக்கடைகள் பூட்டிக் கிடந்தன. சித்திரை, வைகாசித் திருமணங்கள் தள்ளிப்போயின, நடந்தவையும் வீட்டுக்குள் பத்துப் பேரோடு நடந்தன. ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தியா வாங்கிய தங்கம் சுமார் 64 டன். முந்தைய ஆண்டு அதே மூன்று மாதங்களில் 210 டன்னுக்கு மேல். தேவை 70 விழுக்காடு விழுந்துவிட்டது.

விலை? மார்ச் இறுதியில் சுமார் 1,610 டாலர். ஜூன் இறுதியில் சுமார் 1,770 டாலர். ஆகஸ்ட் மாதம் வரலாற்றில் முதல்முறையாக 2,000 டாலரைத் தாண்டியது. கல்யாணமும் இல்லை, பண்டிகையும் இல்லை, ஆனால் விலை உச்சத்தில்! அப்போது தங்கத்தை வாங்கிக் குவித்தவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த முதலீட்டாளர்கள். நோய்த்தொற்று பயத்தாலும், அமெரிக்க வட்டி விகிதம் பூச்சியத்தை ஒட்டி இறங்கியதாலும், பங்குச் சந்தை வழியாக விற்கப்படும் தங்க நிதிகளில் பணத்தைக் கொட்டினார்கள். ஆறே மாதத்தில் அந்த நிதிகள் 700 டன்னுக்கு மேல் சேர்த்தன.

எதிர்ப்பக்கச் சோதனையும் ஒன்று உண்டு. 2013 ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையும் சேர்ந்து தங்கம் சுமார் 13 விழுக்காடு சரிந்தது. அதைக் கேள்விப்பட்ட மக்கள் இந்தியாவிலும் சீனாவிலும் நகைக்கடைகளை முற்றுகையிட்டார்கள். அதே நேரத்தில் அட்சய திருதியையும் திருமணக் காலமும் வந்தன. ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தியா வாங்கியது 300 டன்னுக்கு மேல், முந்தைய ஆண்டைவிட 70 விழுக்காடு போல அதிகம். இவ்வளவு பேர் வாங்கியும் விலை நிமிரவில்லை. ஜூன் இறுதியில் 1,200 டாலருக்கும் கீழே போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேவை 70 விழுக்காடு விழுந்தபோது விலை ஏறியது. 70 விழுக்காடு எழுந்தபோது விலை இறங்கியது. 2013இல் அம்பு எந்தத் திசையில் போகிறது என்றும் பாருங்கள். கூட்டம் விலையை நகர்த்தவில்லை, விலை இறங்கியதுதான் கூட்டத்தைக் கடைக்கு இழுத்தது. நகை வாங்குபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான்: விலை ஏறினால் தள்ளிப்போடுவார்கள், அல்லது ஐந்து பவுனை மூன்றாகக் குறைப்பார்கள். விலையைத் துரத்திக்கொண்டு போய் மேலே ஏற்றுபவர்கள் வேறு ஆள்கள். நாடுகளின் மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. அவை பஞ்சாங்கம் பார்த்து வாங்குவதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2013இல் ஆசிய மக்கள் அப்படி வாங்காமல் இருந்திருந்தால் விலை இன்னும் ஆழமாக விழுந்திருக்கலாம். தேவைக்குப் பங்கே இல்லை என்று இந்தச் சோதனைகள் நிரூபிக்கவில்லை. நகைத் தேவை மட்டும் விலையின் திசையை முடிவு செய்வதில்லை என்பதைத்தான் காட்டுகின்றன.

வாசலை அடைத்தால்

சரி, பண்டிகைத் தேவை விலையை உண்மையிலேயே ஏற்றிய சம்பவம் உண்டா? உண்டு, அதே 2013இல்தான். ஆனால் ஏறியது உலக விலை இல்லை, இந்தியாவுக்குள் இருந்த விலை.

அந்த ஆண்டு இந்திய ரூபாய் மதிப்பிழந்துகொண்டிருந்தது. தங்க இறக்குமதிக்காக டாலர் வெளியே போவதைத் தடுக்க, அரசு இறக்குமதி வரியைப் படிப்படியாக உயர்த்தி ஆகஸ்டில் 10 விழுக்காடாக்கியது. அதோடு, இறக்குமதியாகும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை நகையாக ஏற்றுமதி செய்தே ஆக வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தது. வாசல் பாதி அடைபட்டது. பிறகு நவம்பர் தொடக்கத்தில் தீபாவளி வந்தது. உலக விலையும் வரியும் சேர்ந்த தொகைக்கு மேலே, உள்நாட்டு வணிகர்கள் கேட்கும் கூடுதல் தொகை ஒன்று உண்டு. சாதாரண காலத்தில் அது அவுன்ஸுக்குச் சில டாலர்தான், சில நேரம் தள்ளுபடியாகவும் இருக்கும். அந்தப் பருவத்தில் அது 100 டாலரைத் தாண்டியது. உலக விலை அப்போது 1,300 டாலர் அளவில்தான் இருந்தது.

ஏரியிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டால், வீட்டுத் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான். அப்போது தங்கமும் தக்காளியைப் போல நடந்துகொள்கிறது. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த ஏற்றுமதி விதி நீக்கப்பட்டது.

கடைப் பலகையைப் பிரித்துப் பார்ப்போம்

இனி நம் ஊருக்கு வருவோம். கடையில் தொங்கும் பலகையில் 916 தங்கம் கிராமுக்கு இவ்வளவு ரிங்கிட் என்று எழுதியிருக்கும். அந்த எண் எப்படி வருகிறது?

தொடக்கம் உலகச் சந்தை. இலண்டனில் வேலை நாள்களில் இரண்டு முறை ஏலம் போல நடத்தி ஒரு விலை நிர்ணயிக்கிறார்கள். மற்ற நேரங்களில் நியூயார்க், ஷாங்காய் என எங்காவது ஒரு சந்தை திறந்தே இருக்கும். விலை டாலரில், அவுன்ஸ் கணக்கில் இருக்கும். இது சமையலில் வரும் அவுன்ஸ் இல்லை, தங்கத்துக்கான டிராய் அவுன்ஸ். அதன் எடை 31.1035 கிராம். இங்கே 28.35 என்று போட்டுவிட்டால் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். என் மாணவர்கள் பாதிப் பேர் முதல்முறை அப்படித்தான் போட்டார்கள்.

எளிமைக்காக அவுன்ஸ் 4,000 டாலர், ஒரு டாலர் 4.20 ரிங்கிட் என்று எடுத்துக்கொள்வோம். 4,000ஐ 31.1035ஆல் வகுத்தால் கிராமுக்கு 128.60 டாலர். அதை 4.20ஆல் பெருக்கினால் 540 ரிங்கிட். இது சுத்தத் தங்கத்தின் விலை. 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். எனவே 0.916ஆல் பெருக்க வேண்டும். கிராமுக்கு 495 ரிங்கிட் வருகிறது. ஒரு பவுன் 8 கிராம், அதாவது 3,960 ரிங்கிட். பலகை விலை இதைவிடச் சற்று மாறுபடும், கடைக்குக் கடை வேறுபடும். அதற்குமேல் செய்கூலி தனி.

இந்தப் பெருக்கலில் ரிங்கிட் மதிப்பு ஒளிந்திருப்பதைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.79 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் இறுதியில் 4.12 போதும். அதே காலத்தில் தங்கம் சுமார் 2,020 டாலரிலிருந்து 2,630 டாலருக்கு ஏறியது, அதாவது 30 விழுக்காடு. ரிங்கிட்டில் கணக்கிட்டால் அவுன்ஸ் 9,680இலிருந்து 10,840 வரை, ஏற்றம் 12 விழுக்காடுதான். நம் ரிங்கிட் வலுவானதால் பாதிக்கு மேற்பட்ட ஏற்றம் நமக்குத் தெரியாமலே போனது. ரிங்கிட் பலவீனமானால் இதற்கு நேர்மாறாக, உலகில் தங்கம் அசையாமல் இருந்தாலும் நம் பலகை ஏறும். அந்த வாரம் தீபாவளி வந்திருந்தால் பழி தீபாவளிமீது விழும்!

மாணவியின் நோட்டுப் புத்தகம்

அந்த மாணவிக்கு நான் விடை சொல்லவில்லை, வேலை கொடுத்தேன். தினமும் ஒரே நேரத்தில் உலக விலையையும் டாலர் மதிப்பையும் குறித்து, மேலே செய்தது போல 916 விலையைக் கணக்கிட வேண்டும். வீட்டுப் பக்கத்து நகைக்கடை ஒன்றின் பலகை விலையையும் எழுத வேண்டும். பிறகு பலகை விலைக்கும் கணக்கிட்ட விலைக்கும் உள்ள இடைவெளியை விழுக்காட்டில் காண வேண்டும். தீபாவளிக் கூட்டம் நம் ஊர் விலையை ஏற்றுகிறது என்றால், பலகை விலை ஏறினால் மட்டும் போதாது, இந்த இடைவெளி விரிய வேண்டும். எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது என்பதையும் முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னேன். முடிவைப் பார்த்த பிறகு தேதியைத் தேர்ந்தெடுத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பு தொடங்கி, இரண்டு வாரம் பின்பு வரை எழுதினாள். பலகை விலை மேலும் கீழும் ஆடியது. ஆனால் இடைவெளி கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தது. ஒரு நாள் மட்டும் திடீரென்று விரிந்தது, அது தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் காலை. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடி வந்தாள். பார்த்தால், முந்தைய இரவு உலகச் சந்தையில் விலை சரிந்திருக்கிறது, கடைக்காரர் அன்று காலை பலகையை இன்னும் மாற்றவில்லை. மதியம் மாற்றியதும் இடைவெளி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு கடை, ஒரு பருவம் என்பதால் இது பெரிய ஆய்வு இல்லை. வேறு ஊர்க் கடையில் வேறு மாதிரி இருக்கவும் கூடும், அதை அங்குள்ளவர்கள் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அவள் தற்செயலாகக் கவனித்த இன்னொன்றுதான் வீட்டுக்குப் பயன்பட்டது. அதே வடிவ வளையலுக்கு இரண்டு கடைகளில் செய்கூலி கிராமுக்கு 15 ரிங்கிட் வேறுபட்டது. ஐந்து பவுன் என்பது 40 கிராம், ஆக 600 ரிங்கிட். கிராம் 495 ரிங்கிட் என்றால் 40 கிராமுக்கு 19,800 ரிங்கிட், அதில் 600 என்பது 3 விழுக்காடு. தங்கம் 3 விழுக்காடு இறங்கும் நாளுக்காக அப்பா வாரக்கணக்கில் காத்திருந்தார். அந்த 3 விழுக்காடு எதிர்வரிசைக் கடையிலேயே இருந்தது.

கடைசியில் தாலிக்கொடியைப் பாட்டியின் விருப்பப்படி தீபாவளிக்கு முன்பும், வளையலையும் சங்கிலியையும் கார்த்திகையிலும் எடுத்தார்களாம். இரண்டு தடவையும் செய்கூலியைக் கேட்டுப் பேரம் பேசியது அவள்தான்.